வேகத்தடையில் ‘டொக் டொக்’: ஷாக் அப்சார்பரை மாற்றும் முன் லிங்க் ராடைப் பாருங்கள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் தினமும் காரில் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமானதுதான். ஏசி ஓடுகிறது, கண்ணாடி ஏற்றியிருக்கிறது. ஆனாலும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் காலுக்கடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பள்ளம் மேடான சாலையில் அதுவே ‘டொக் டொக் டொக்’ என்று தொடர்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பல இடங்களில் முதலில் வரும் பதில், “ஷாக் போயிடுச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்.” கூடவே மவுண்ட், லோயர் ஆர்ம், புஷ் என்று எஸ்டிமேட் நீளும். பில் பல ஆயிரங்களைத் தொடும். எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் நிற்கத்தான் செய்யும். ஆனால் எது கெட்டுப்போயிருந்தது என்று காரின் உரிமையாளருக்குக் கடைசி வரை தெரியாது. இது சரியான வேலை முறையே இல்லை. எந்தப் பாகத்தில் ஆட்டம் இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் எஸ்டிமேட் எழுத வேண்டும்.

லிங்க் ராட் என்ன செய்கிறது?

பெரும்பாலான ஹேட்ச்பேக் கார்களில் முன்பக்கத்து இரு சக்கரங்களையும் ஒரு வளைந்த இரும்புக் கம்பி இணைக்கிறது. அதுதான் ஸ்டெபிலைசர் பார். வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. இந்தக் கம்பியின் இரு முனைகளையும் சஸ்பென்ஷனோடு சேர்ப்பது சுமார் ஒரு சாண் நீளமுள்ள லிங்க் ராட். அதன் இரு நுனியிலும் சின்ன பால் ஜாயின்ட் இருக்கும். கம்பியின் நடுப்பகுதியை ரப்பர் புஷ்கள் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும்.

அந்தப் பால் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும். கொஞ்ச நாளில் உள்ளே இடைவெளி விழும். இரும்பு இரும்பில் மோதும்போது வருவதுதான் அந்த ‘டொக்’.

கன்டெய்னர் லாரிகள் ஓடியோடி மேடு பள்ளமாகும் துறைமுகச் சாலைகளில் இடது சக்கரம் இறங்கும்போது வலது சக்கரம் ஏறுகிறது. லிங்க் ராட் அதிகம் உழைப்பது இந்த மாதிரி சாலையில்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிய உப்புக் காற்றும் சேர்ந்தால் நட், போல்ட் எல்லாம் துருப்பிடித்துவிடும்.

வேகத்தடையே ஒரு டெஸ்ட்

இந்தியன் ரோடு காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வளைந்த மேடாகக் கட்டப்படும் வேகத்தடை 10 செ.மீ. உயரமும், கார் போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்று இருந்தது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான கணக்கு அது. ஆனால் தெருக்களில் நாம் பார்க்கும் பல வேகத்தடைகள் இதைவிட மிகக் குறுகலானவை. சக்கரம் மெதுவாக ஏறி இறங்க அங்கே இடமில்லை. ஏறியதும் விழுகிறது.

அடி தட்டாமல் இருக்க பலர் காரைக் குறுக்காக ஏற்றுவார்கள். இதை வைத்தே பாதி காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். நேராக ஏறினால் இரு சக்கரமும் ஒன்றாக எழும். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாமல் தன் புஷ்ஷுக்குள் சுழல மட்டும் செய்யும், லிங்க் மீது பெரிய சுமை இல்லை. குறுக்காக ஏறினால் ஒரு சக்கரம் மட்டும் எழும். பார் முறுக்கும், லிங்க் இழுபடும்.

ஆகவே நேராகப் போனால் அமைதி, குறுக்காகப் போனால் ‘டொக்’ என்றால் சந்தேகம் முதலில் லிங்க் மீதும் பார் புஷ் மீதும் வர வேண்டும். இரண்டு விதத்திலும் ‘தம்’ என்று கனமாகக் கேட்டால் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடித்திருக்கும் மவுண்ட்டைப் பார்க்கலாம். நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் முன்பக்கம் சத்தமோ அதிர்வோ வந்தால், அந்த மவுண்ட்டின் பேரிங் மீது சந்தேகம் வலுக்கும். பிரேக் போடும்போதும் ‘டக்’ என்றால் லோயர் ஆர்ம் புஷ்.

ஒரு காரை வைத்துப் பார்ப்போம்

திருவொற்றியூரில் ஓடும் எட்டு வருடப் பழைய ஹேட்ச்பேக் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நேராக ஏறினால் சத்தம் இல்லை, குறுக்காக ஏறினால் இடது பக்கம் ‘டொக்’. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை. பானெட் மூலையை அழுத்தி விட்டால் கார் ஒரு முறை எழுந்து நின்றுவிடுகிறது, தொடர்ந்து ஆடவில்லை. இந்த இரண்டும் மட்டுமே ஷாக் நன்றாக இருப்பதற்கு முழு உத்தரவாதம் ஆகாது. ஆனால் இப்போதே மாற்றச் சொல்லவும் காரணம் இல்லை.

அடுத்து லிங்க்கை ஆட்டிப் பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கி, லிங்க்கை இறுக்கமாக இழுத்துப் பிடித்துவிடும். ஆட்டம் இருந்தாலும் தெரியாது, “லிங்க் நல்லாதான் இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். இரு சக்கரமும் ஒரே உயரத்தில், அதாவது தரையிலோ ராம்ப்பிலோ இருக்கும்போது கையால் பிடித்து ஆட்ட வேண்டும். நம் காரில் இடது லிங்க் லேசாக ‘டிக் டிக்’ என்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு உறுதியான வழி உண்டு. மெக்கானிக் இரு பக்க லிங்க்கையும் கழற்றி, பாரின் முனைகள் எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். வளைவில் கார் அதிகம் சாயும் என்பதால் மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. சத்தம் நின்றுவிட்டால் காரணம் லிங்க் அல்லது பார் புஷ். நிற்கவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு.

லிங்க் மாற்றும்போது துருப்பிடித்த நட் சுலபத்தில் கழலாது, உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும். சில நேரம் கிரைண்டரால் வெட்டத்தான் வேண்டும். இரு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. இந்த வேலைக்கு மட்டும் வீல் அலைன்மென்ட் தேவையில்லை. ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் அது தேவைப்படும்.

லோயர் ஆர்ம் புஷ் மாற்ற வேண்டியிருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

தள்ளிப்போடக் கூடாதது எது?

தேய்ந்த லிங்க்கோடு சில நாள் ஓட்டலாம், பெரும்பாலும் அது எரிச்சல்தான். ஆனால் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். டிரெய்லர்களுக்கு நடுவே ஓட்டும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் “லிங்க்தான்” என்று காரை ஓட்டாமலே முடிவு கட்டும் மெக்கானிக்கும், “எல்லாத்தையும் மாத்திடலாம்” என்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எதுல ஆட்டம் இருக்குன்னு ஆட்டிக் காட்டுங்கண்ணே.” காட்டிவிட்டால் தாராளமாக மாற்றலாம். கழற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கி ஆட்டிப் பாருங்கள். தேய்ந்த லிங்க்கின் நுனி தொளதொளவென்று ஆடும், புதியது கையால் அசைக்கவே கொஞ்சம் பலம் கேட்கும்.