ஆப்டோகப்ளரின் சராசரியை நம்பாதீர்கள்

மின்வழங்கலுக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் இடையே ஆப்டோகப்ளர் ஒன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் நம் மாணவர் திட்டங்களில் வேரூன்றியிருக்கிறது. தனிமைப்படுத்தல் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுற்று ஓராண்டுக்குப் பிறகும் வேலை செய்யுமா என்பதை முடிவுசெய்வது அதன் இருபுறமும் உள்ள மின்தடைகளே. அவற்றை இணையத்துப் படங்களிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பாசன மோட்டார் ஒன்றுக்கு மின்சாரம் வருகிறதா என்பதை 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் அறிய வேண்டும். மோட்டாரின் 230 வோல்ட் முனைகளிலிருந்து மின்தடைகள் வழியாக பிசி817இன் எல்இடிக்கு மின்னோட்டம் செல்கிறது. மறுபுறத்து டிரான்சிஸ்டர், புல்-அப் மின்தடை வழியாக 3.3 வோல்ட்டில் நிற்கும் உள்ளீட்டு முனையைக் கீழே இழுக்கிறது. எல்இடியில் பாயும் மின்னோட்டத்தில் எத்தனை விழுக்காட்டை டிரான்சிஸ்டர் இழுக்க வல்லது என்பதே மின்னோட்ட மாற்று விகிதம், அதாவது சிடிஆர்.

பிசி817இன் தரவேடு 5 மில்லிஆம்பியரில் 50 முதல் 600 விழுக்காடு வரை என்கிறது. ஒரே பெயரில் விற்கப்படும் இரு சில்லுகளுக்கிடையே பன்னிரண்டு மடங்கு வேறுபாடு இருக்கலாம் என்பது இதன் பொருள். ஆய்வகத்தில் கையில் கிடைத்தது 200 விழுக்காட்டுச் சில்லாக இருந்தால் எந்தச் சுற்றும் வேலை செய்யும். வடிவமைப்பாளர் எண்ண வேண்டியது 50ஐ மட்டுமே.

அந்த 50கூட முழுமையாகக் கிடைப்பதில்லை. எல்இடிக்குத் தொடர்ந்து 5 மில்லிஆம்பியர் கொடுத்தால், 230 வோல்ட்டில் மின்தடைகள் ஒரு வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கொட்டும். ஆகவே 100 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக வைக்கிறோம். ஒவ்வொன்றும் 0.13 வாட் ஏற்கும். கால் வாட் வகைக்கு அது இதமான சுமை. இரண்டாகப் பிரிப்பதற்கு வெப்பம் மட்டும் காரணமன்று. 325 வோல்ட் உச்சத்தைத் தனியொரு சிறு மின்தடையின் மேல் சுமத்துவது அதன் மின்னழுத்த வரம்பை மீறக்கூடும். எல்இடிக்குத் தலைகீழாக ஒரு டையோடும் வேண்டும். எதிர்த்திசையில் அந்த எல்இடி தாங்குவது 6 வோல்ட் மட்டுமே.

இப்போது ஊர்ப்புற மின்னழுத்தம் 170 வோல்ட்டுக்கு இறங்கட்டும். உச்ச மின்னோட்டம் 1.2 மில்லிஆம்பியர். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் சிடிஆரும் குறையும். அதற்காகப் பாதியைக் கழிப்போம். எல்இடியின் முதுமைக்கும் பெட்டிக்குள் ஏறும் வெப்பத்துக்கும் இன்னொரு பாதி. எஞ்சுவது 12.5 விழுக்காடு. ஆக, டிரான்சிஸ்டர் இழுக்க வல்லது 0.15 மில்லிஆம்பியர்.

இணையப் படத்தில் புல்-அப் 4.7 கிலோ ஓம் என்று இருந்தால், முனையை 0.4 வோல்ட்டுக்கு இறக்க 0.62 மில்லிஆம்பியர் தேவை. நம்மிடம் இருப்பதோ அதில் நான்கிலொரு பங்கு. முனை 2.6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். மின்சாரம் வந்துகொண்டிருக்க, கருவி ‘மின்சாரம் இல்லை’ என்று சொல்லும். உழவர் மோட்டாரைக் குறைசொல்வார். பழுது பார்ப்பவர் நிரலைத் திருத்துவார்.

தீர்வு எளியது. புல்-அப்பை 47 கிலோ ஓம் ஆக்கினால் 0.06 மில்லிஆம்பியரே போதும். இதற்கும் விலை உண்டு. மின்தடை கூடக்கூட டிரான்சிஸ்டர் அணைவது தாமதமாகும். இருளிலும் கசியும் சிறு மின்னோட்டம் வெப்பத்தில் பெருகி முனையைச் சற்று இறக்கும். மின்சாரம் உண்டா இல்லையா என்று பார்க்க இவை தடையல்ல. டிரையாக்கின் தூண்டலுக்காகச் சுழியைக் கடக்கும் நொடியைத் துல்லியமாக அறிய வேண்டுமெனில் இந்தச் சுற்று போதாது.

சோதிக்கவும் ஒரு வழி உண்டு. புதிய பலகையில் 47க்குப் பதிலாகத் தற்காலிகமாக 22 கிலோ ஓம் வைத்து, தனிமைப்படுத்தும் மின்மாற்றியோடு சேர்ந்த வேரியாக்கில் 170 வோல்ட் கொடுங்கள். மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்து முனை அப்போதும் 0.4 வோல்ட்டுக்கு இறங்கினால், சிடிஆர் பாதியாகக் குறைந்தாலும் சுற்று பிழைக்கும். அலைநோக்கியின் தரைமுனையை மின்வழங்கல் பக்கத்தில் மாட்டாதீர்கள். சில்லு தரும் தனிமையை அந்த ஒரு கம்பி அழித்துவிடும்.

திட்டங்களை மதிப்பிடும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘வேலை செய்கிறதா’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘எந்தச் சிடிஆரில் வேலை செய்யாமல் போகும்?’ என்றும் கேளுங்கள். அதற்கு ஓர் எண்ணை விடையாகச் சொல்ல முடிந்தவரே அந்த மின்தடையைத் தெரிவு செய்தவர்.