கிராணி வில்லன் மட்டும்தானா?

நம் தோட்டக் கதைகளில் கிராணியைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் பெரட்டுக்கு வந்து பெயர் கூப்பிடுவார். பால் நிறுக்கும் கொட்டகையில் பென்சிலோடு நிற்பார். துரையிடம் குழைவார், தொழிலாளியிடம் சீறுவார். கதை முடியும்போது யாராவது அவர் சட்டையைப் பிடித்திருப்பார்கள், அல்லது பிடிக்க முடியாமல் அழுதிருப்பார்கள். மளிகைக் கடைக்காரருக்கும் இதே கதிதான். கள்ளத் தராசு, கடன் புத்தகம், கொஞ்சம் தொந்தி. அவ்வளவோடு ஆள் முடிந்துவிட்டார்.

கெடா மாநிலத்தில் நல்ல தமிழ் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்தும் லூனாஸிலிருந்தும் வந்த நாவல்களையும் சிறுகதைகளையும் படித்துத்தான் நானும் வளர்ந்தேன். அந்த நன்றியோடுதான் சண்டைக்கு வருகிறேன். நம்மிடம் துயரக் கதைகள் நிறைய இருக்கின்றன, துன்பியல் மிகக் குறைவு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருப்பதால்தான், ஒரு கிராணியோ கடைக்காரரோ துன்பியல் நாயகன் ஆக முடியுமா என்று கேட்டால் உடனே சிரிக்கிறோம். “அட, அவனுக்கு என்ன சார் வீழ்ச்சி? விழுறதுக்கு முதல்ல மேல நிக்கணுமே!”

இந்தச் சிரிப்புக்கு ஒரு பழைய நியாயம் உண்டு. துன்பியல் நாயகன் பெரும் புகழும் செல்வமும் உள்ளவனாக இருக்க வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். ஈடிபஸைப் போல. ஆனால் அவர் சொன்னதில் நாம் ஒரு பாதியைத்தான் பிடித்துக்கொண்டோம். அந்த மனிதன் உத்தமனாகவும் இருக்கக் கூடாது, கொடியவனாகவும் இருக்கக் கூடாது, இடையில் நிற்பவனாக இருந்து ஒரு பிழையால் விழ வேண்டும் என்பது மறு பாதி. உயரம் வீழ்ச்சியைக் கண்ணுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். வீழ்ச்சியை உண்டாக்குவது பிழை. 1731இல் லண்டன் மேடையில் ஜார்ஜ் லில்லோ ஒரு வணிகரிடம் வேலை பழகும் இளைஞனை நாயகனாக்கியபோதே உயரம் பற்றிய வாதம் ஆட்டம் கண்டுவிட்டது. 1949இல் ஆர்தர் மில்லர் ஒரு விற்பனைப் பிரதிநிதியை மேடையேற்றிவிட்டு, சாதாரண மனிதனும் துன்பியலுக்குத் தகுதியானவன் என்று கட்டுரையே எழுதினார்.

ஆனால் நமக்கு லண்டனும் நியூயார்க்கும் எதற்கு? தமிழின் முதல் பெரும் துன்பியல் ஒரு வணிகனுடைய கதை. கோவலன் மாசாத்துவானின் மகன், புகாரில் செல்வத்தோடு பிறந்தவன். கைப்பொருளை இழந்தபின் மதுரைக்குப் போவது போர் செய்ய அல்ல. மனைவியின் சிலம்பை விற்று, அதை முதலாக வைத்து மறுபடியும் தொழில் தொடங்கப் போகிறான். சிக்குவதும் ஒரு விற்பனையில்தான். கடைத் தெருவில் விலை கேட்ட இடத்தில். அதற்கு முன்பே, அந்தக் கடைசி நாளில், தான் செய்ததையெல்லாம் கண்ணகியிடம் சொல்லி வருந்திவிடுகிறான். பிழை இருக்கிறது, அறிதல் இருக்கிறது, விலை கொடுத்தலும் இருக்கிறது. அரசனுக்கு அந்தக் காப்பியத்தில் கிடைப்பது ஒரு கணம். ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் கிடைப்பது வணிகனுக்கும் அவன் மனைவிக்கும். ஆக, கடைக்காரன் துன்பியல் நாயகன் ஆவானா என்ற கேள்வியைத் தமிழில் கேட்பதே விசித்திரம். அங்கிருந்து தொடங்கிய நாம் எப்படி இங்கே வந்தோம் என்றுதான் கேட்க வேண்டும்.

வந்த வழி எனக்குத் தெரிகிறது. தோட்ட வாழ்க்கை உண்மையிலேயே கொடுமையானது. அதை எழுத வந்தவர்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். சாட்சிக்குப் பாதிக்கப்பட்டவர் வேண்டும், குற்றவாளி வேண்டும். அந்த வேலை அவசியமாக இருந்தது, செய்யவும் செய்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவருக்குத் தேர்வு கிடையாது. லயத்து வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தைத் துரத்தினால் அது அநீதி. படிப்பவர் மனம் கொதிக்கும். ஆனால் அந்தக் குடும்பம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு மாதிரி செய்திருக்கலாமோ என்று இரவு முழுக்க விழித்துக் கிடக்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

கிராணிக்கு இருக்கிறது. பால் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். தொழிலாளி வாளியைத் தூக்கி வந்து வைக்கிறார். நிறுத்தபின் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அளவு இறங்கும். கருவியைப் பார்த்து எண்ணைச் சொல்வது ஒரு மனிதன். அந்த எண்தான் புத்தகத்தில் ஏறும், சம்பளத்தில் இறங்கும். ஒரு கோடு கூட்டிச் சொல்லலாம், ஒரு கோடு குறைத்தும் சொல்லலாம். மேலே துரைக்குப் பதில் சொல்ல வேண்டும், கீழே தன்னை ‘ஐயா’ என்று கூப்பிடும் ஒருவரின் அடுப்பு எரிய வேண்டும். தினமும் இருபது முப்பது தடவை தேர்வு செய்கிற ஓர் ஆளை நாம் நாற்பது ஆண்டுகளாக வில்லன் என்று மட்டும் எழுதினால், அது எழுத்தாளரின் சோம்பல்.

கடைக்காரர் பக்கம் வருவோம். நம் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே நடக்கும் கதை ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. பினாங்கில் வட்டித் தொழில் செய்யும் வானாயீனா, அவரிடம் அடுத்தாளாக இருந்த செல்லையா, வானாயீனாவின் மகள் மரகதம். செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து திரும்புகிறான். துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேடு பிடிக்காது என்று முடிவு கட்டுகிறார் வானாயீனா. மகளைத் தர மறுக்கிறார். எல்லோரும் செல்லையாவுக்காக வருந்துகிறார்கள். நான் வானாயீனாவைப் பற்றி யோசிக்கிறேன். அவர் கொடியவர் இல்லை. தொழிலையும் குடும்பத்தையும் தாங்கிப் பிடிக்க நினைக்கும் ஒரு வியாபாரி, தனக்குத் தெரிந்த ஒரே தராசில் மகளின் வாழ்க்கையை நிறுத்துவிடுகிறார். சிங்காரம் அந்த மனிதரின் வீட்டு வாசல் வரை நம்மைக் கூட்டிப் போகிறார். உள்ளே போகவில்லை. அந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டியவர்கள் அடுத்து வந்த நாம்.

எப்படித் திறப்பது? இன்னும் யாரும் எழுதாத ஒரு கதையை இங்கே போட்டுப் பார்க்கிறேன். ஆட்கள் கற்பனை, காலம் நிஜம்.

1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கண்டிப்பாக அமல்படுத்தப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் பினாங்கில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினார்கள். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில், தோட்டத்து முனையில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு 555 புத்தகம். மாதம் முழுக்க அரிசியும் கருவாடும் கடனில் போகும், சம்பள நாளில் அடைப்பார்கள். கடைக்காரரும் டவுனில் சீனத் தவுக்கேயிடம் கடனில்தான் சரக்கு எடுக்கிறார். கப்பல் ஏறுகிறவர் கடனோடு போய்விட்டால் இவர் கதை முடிந்தது.

பெர்மிட் கிடைக்காதவர்கள் யார் என்று கிராணிக்குத் தெரியும். கடைக்காரர் ஒருநாள் சாயங்காலம் போய்க் கேட்கிறார். கிராணி சொல்லிவிடுகிறார். அடுத்த நாளிலிருந்து அந்தக் குடும்பங்களுக்குக் கடன் இல்லை. பட்டியலில் ஒரு வீடு, இவர் மகளைக் கட்டிக்கொள்ளப் பேசி வைத்திருக்கும் சம்பந்தி வீடு. மனைவி சொல்கிறாள், “அவங்களுக்கு மட்டுமாவது குடுங்க.” ஒருவருக்குக் கொடுத்தால் ஊர் முழுக்கக் கேட்கும் என்கிறார் இவர். அது நியாயம்தான். அந்த நியாயம்தான் அவருடைய பிழை.

கப்பலுக்கு முந்தின வாரம் சம்பந்தி வருகிறார். வீட்டு மாட்டை விற்றுவிட்டார். புத்தகத்தில் நிற்கும் 83 வெள்ளியை எண்ணி வைத்து, “சரியா இருக்கா பாருங்க மாமா,” என்கிறார். நேற்று வரை ‘சம்பந்தி’ என்று கூப்பிட்டவர். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கணக்கு நேராகிவிட்டது. ஒரு காசு நட்டமில்லை. உள்ளே மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

இதில் மரணம் இல்லை, தற்கொலை இல்லை. நம் கதைகள் இந்த இடத்தில் தூக்குக் கயிற்றைத் தேடும். தேவையில்லை. அந்த மனிதர் இனி இருபது வருடம் அதே கடையில் உட்கார்ந்திருப்பார், மகள் அவருக்குச் சோறு போடுவாள், ஆனால் பேச மாட்டாள். சட்டம்தான் காரணம் என்று நாம் சொல்லலாம். அவர் சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரு படி அரிசி கொடுத்திருக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

இதை வைத்து ஒரு சோதனை சொல்கிறேன். கதையிலிருந்து நாயகனின் முடிவை மட்டும் எடுத்துவிடுங்கள். அப்போதும் கதை அதே இடத்தில்தான் முடிகிறதா? அப்படியானால் அது துயரக் கதை, துன்பியல் அல்ல. சட்டத்தாலும் சந்தையாலும் நசுங்குகிற கிராணியை மட்டும் எழுதினால் அவன் நாயகன் ஆக மாட்டான், இந்த எல்லையை ஒப்புக்கொள்கிறேன். குமாஸ்தா என்பதாலேயே ஒருவனுக்குத் துன்பியல் தகுதி வந்துவிடாது. ராஜாவுக்கும் அப்படி வராது.

இனி முக்கியமான எதிர்ப்பு. “கிராணிக்கு இரக்கம் காட்டினால் அவன் செய்த அநியாயத்துக்கு வெள்ளையடிப்பதாகாதா?” என்று தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் துன்பியல் யாரையும் விடுதலை செய்வதில்லை. வில்லனாக்குவதுதான் தப்பிக்க விடுவது. வில்லனுக்குத் தான் செய்தது தெரியாது, தெரிந்தாலும் உறுத்தாது. மெட்ரோலாக்கில் ஒரு கோடு குறைத்துச் சொன்னவன், அந்தக் கோட்டால் ஒரு குழந்தைக்குப் பால் டின் வாங்க முடியாமல் போனது என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய்த் தன் குழந்தையைத் தூக்குகிறானே, அங்கேதான் தண்டனை தொடங்குகிறது. அதை எழுதாமல் விடுபவர்தான் அவனுக்குச் சலுகை காட்டுகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டங்கள் பல இன்று தாமான் வீடுகளாகிவிட்டன. இதைப் படிக்கும் உங்களில் பலர் அலுவலகத்தில், வங்கியில், கடையில் கணக்குப் பார்க்கிறீர்கள். மேலே ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு, கீழே ஒருவரின் விண்ணப்பத்தில் ஒரு கோடு போடுகிறீர்கள். பால் வெட்டிய பாட்டியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு உங்கள் கையில் இருப்பது உளி அல்ல, கிராணியின் பென்சில். அதைப் பிடித்திருப்பவனைப் பற்றி உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?