கணக்குக் கேட்டால் நன்மை குறைந்துவிடுமா?

எங்கள் கரையோர ஊர்களில் நோயாளிக்கு உதவுவதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று எந்த ஊரை எடுத்தாலும், இருதய சத்திரசிகிச்சைக்கோ சிறுநீரக மாற்றுக்கோ ஒருவருக்குப் பணம் வேண்டும் என்ற செய்தி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் பரவினால், அடுத்த ஜும்ஆவுக்குள் கணிசமான தொகை சேர்ந்துவிடுகின்றது. கட்டாரில் இருப்பவன் அனுப்புகிறான், மீன்வாடிக்காரர் தருகிறார், பாடசாலைப் பிள்ளைகள் உண்டியலை உடைக்கிறார்கள். இதில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. நான் குறை காண்பது, பணம் சேர்ந்த பிறகு நிலவும் மௌனத்தில்தான்.

“நன்மைக்குக் கொடுத்த காசுக்குக் கணக்கு எதற்கு? அல்லாஹ் அறிவான்” என்பார்கள். அல்லாஹ் அறிவான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கொடுத்தவனுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் கேள்வி. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது பேசுவது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி. எழுதுபவர், சாட்சிகள், சிறிய தொகையானாலும் எழுதச் சோம்பாதிருத்தல் என்று அவ்வளவு விரிவாக எழுத்தைக் கேட்கும் மார்க்கத்தின் பெயரால் எழுதாமையை நியாயப்படுத்துவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

2024இல் எங்கள் குடும்பத்திலேயே மச்சான் ஒருவருக்கு இருதய சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. அரசாங்க வைத்தியசாலையில் காத்திருப்புப் பட்டியல் நீண்டிருந்ததால், கொழும்பில் தனியார் வைத்தியசாலை ஒன்றில் செய்வது என்று முடிவாயிற்று. இலக்கு 20 இலட்சம் ரூபா. கணக்கை நோயாளியின் பெயரில் திறக்கலாம் என்றார்கள் சிலர். நான் மறுத்தேன். நோயாளி இறந்துவிட்டால், அவருடைய பெயரிலுள்ள கணக்கை வங்கி முடக்கிவிடும். வாரிசுரிமைப் பத்திரங்கள் வரும்வரை ஒரு சதமும் எடுக்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் மார்க்கத்தில் இருக்கிறது. அவருக்கே சொந்தமாகக் கொடுத்த பணம் அவர் இறந்தால் வாரிசுச் சொத்தாகிவிடும். சிகிச்சைக்கென்று பிறர் கையில் ஒப்படைத்த பணம் அமானிதம், அதன் வழி வேறு. கொடுத்தவர்கள் எதை நினைத்துக் கொடுத்தார்கள் என்பதை முதல் நாளிலேயே எழுதாவிட்டால், ஜனாஸா வீட்டில் இருந்துகொண்டு அதைப் பேசவேண்டி வரும்.

ஆகவே குடும்பத்தில் ஒருவர், குடும்பத்துக்கு வெளியே இருவர் என மூவர் பெயரில் கணக்குத் திறந்தோம். இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம். ஏனையவை இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்றும், நாற்பது பக்கக் கொப்பி ஒன்றும் மட்டுமே. பள்ளிவாசல் வாயிலில் சால்வையில் விழுந்த காசை அங்கேயே இருவர் எண்ணிக் கையொப்பமிட்டு, திங்கட்கிழமை காலை வங்கியில் இட்டார்கள். வசூலுக்குப் போனவர்களின் தேநீரும் பெற்றோலும் அவரவர் சட்டைப்பையிலிருந்தே. அதை வசூலிலிருந்து எடுப்பது தவறென்று நான் சொல்லவரவில்லை. எடுத்தால் கொப்பியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? வெளிநாட்டுப் பணத்தில். கட்டாரிலிருந்து ஒருவர் 500 றியால் அனுப்புகிறார். உண்டியல் வழியாக வந்தால் இங்கே ரூபாத் தாள்களாகக் கைமாறும், வங்கியில் அதற்குத் தடயம் இருக்காது. அனுப்பியவர் மனத்தில் ஒரு விகிதத்தில் கணக்குப் போட்டிருப்பார், இங்கே வேறு விகிதத்தில் வந்திருக்கும். இரண்டாயிரம் ரூபா வித்தியாசத்துக்கு, “இடையில் யாரோ அடித்துவிட்டான்” என்ற பேச்சு தோஹாவரை போகும். எங்கள் கொப்பியில் றியால் தொகை, கிடைத்த ரூபா, கொண்டுவந்த நாள் என மூன்றையும் ஒரே வரியில் எழுதினோம். கேட்டவருக்கு அந்த வரியைப் படமெடுத்து அனுப்பினோம், பேச்சு அத்துடன் நின்றது. பணவைப்பு இயந்திரத்தில் பெயரில்லாமல் 25 ஆயிரம் ரூபா விழுந்திருந்தது. அதைப் ‘பெயர் தெரியாத வைப்பு’ என்று எழுதி வைத்தோம். மூன்று வாரங்களின் பின் ஒருவர் இயந்திரச் சீட்டுடன் வந்து பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டார்.

ஸக்காத் பணத்துக்குத் தனி நிரல் போட்டோம். ஸக்காத் யாருக்கு உரியது என்பது மார்க்கத்தில் வரையறுக்கப்பட்டது. சதகாவைப் போல் விரும்பியபடி திருப்பமுடியாது. உலமா ஒருவரிடம் கேட்டு, ஸக்காத்தாக வந்த ஒன்றரை இலட்சத்தை வைத்தியசாலைக் கட்டணத்தில் முதலில் செலுத்தினோம். மிஞ்சினால் மிஞ்சுவது சதகாவாக மட்டும் இருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

மொத்தம் சேர்ந்தது 21 இலட்சத்து 73 ஆயிரத்து 500. வைத்தியசாலை, மருந்து, பரிசோதனை, வாகனம், தங்குமிடம் எல்லாமாகச் செலவு 19 இலட்சத்து 90 ஆயிரத்து 500. மீதி ஒரு இலட்சத்து 83 ஆயிரம். இலக்கு நிறைந்த அன்றே வசூல் நிறுத்தப்பட்டதாக அறிவித்தோம். அதன் பிறகும் வழியிலிருந்த பணம் வந்து சேர்ந்தது. மீதியில் ஆறு மாத மருந்துக்கு 90 ஆயிரத்தை ஒதுக்கி, 93 ஆயிரத்தை இன்னொரு நோயாளிக்குக் கொடுத்தோம். ‘மிஞ்சினால் வேறு நோயாளிக்கு’ என்று முதல் துண்டுப்பிரசுரத்திலேயே அச்சிட்டிருந்ததால், எவரும் வாய் திறக்கவில்லை.

மிச்சப் பணம் சிறு விடயமென்று நினைப்பவர்கள் 2021 ஜூலையில் கேரளத்தில் நடந்ததைப் பார்க்கவேண்டும். முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு நோயுற்ற குழந்தைகளுக்கான ஒரேயொரு ஊசி மருந்துக்கு 18 கோடி இந்திய ரூபா தேவைப்பட்டது. கண்ணூர் மாவட்டத்தின் மாட்டூலில் ஒரு குழந்தைக்காகச் சேர்த்தபோது, சில நாட்களுக்குள் 46 கோடிக்கு மேல் குவிந்தது. அதே மாதத்தில் வேறொரு குழந்தைக்கு 16 கோடிக்கு மேல் சேர்ந்திருந்த நிலையில், மருந்து கிடைக்குமுன்பே அக்குழந்தை இறந்துவிட்டது. அந்தப் பணம் யாருடையது, என்ன செய்வது என்ற கேள்வி கேரள உயர் நீதிமன்றம்வரை போயிற்று. இத்தகைய வசூல்களை அரசு கண்காணிக்கவேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. எங்கள் ஊர்களில் தொகை சிறியது, கேள்வி அதேதான்.

கணக்கை வெளியிடுவதென்றால் நோயாளியை வெளியிடுவதென்று பொருளல்ல. இதை எங்கள் முகநூல் இளைஞர்கள் விளங்கிக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள். கட்டிலில் குழாய்களுடன் கிடப்பவரின் படம், நோய் அறிக்கை, அடையாள அட்டை எல்லாவற்றையும் உலகுக்குக் காட்டுகிறார்கள். வரவு செலவை மட்டும் காட்டுவதில்லை. மறைக்கவேண்டியதைக் காட்டி, காட்டவேண்டியதை மறைக்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்ததோ! நாங்கள் வாராவாரம் ஒட்டிய தாளில் பெயர்களே இல்லை. பற்றுச்சீட்டு இலக்கம், தொகை, செலவு, வங்கி மீதி மட்டும் இருந்தன. கொடுத்தவர் தம் இலக்கத்தைத் தேடிப் பார்த்துக்கொள்வார். மூல வைத்தியசாலைச் சிட்டைகள் பள்ளிவாசல் செயலாளரிடம் இருந்தன, விரும்பியவர் போய்ப் பார்க்கலாம்.

அந்த மூலச் சிட்டைகளை ஓரிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே சிட்டையின் பிரதியை ஊர்ச் சங்கத்துக்கும், வெளிநாட்டு வட்ஸ்அப் குழுவுக்கும், அரசாங்க உதவிக்கும் தனித்தனியே காட்டுவது நடக்கின்றது. ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். நியாயமான வழி, விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அங்கிருந்து உதவி கிடைத்தால் அதுவும் அதே கொப்பியில் வரவாக ஏறவேண்டும். சிட்டையின் பின்புறத்தில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதி முத்திரையிட்டால், இரண்டாம் முறை அதைக் காட்டமுடியாது.

துண்டுப்பிரசுரத்தில் வசூல் முடியும் திகதியும் இருக்கட்டும். மரணித்து ஒரு வருடமானவரின் படம் இன்னும் கைபேசிகளில் சுற்றுகின்றது. சிலவற்றில் கணக்கிலக்கம் மட்டும் மாறியிருக்கின்றது. திகதி கடந்திருந்தால் பணம் போடுமுன் ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஓர் அழைப்பெடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.