"ஃபவுண்டர் அண்ட் சிஇஓ"வை முதல்ல அழிங்க

ஸ்டார்ட்அப் போட்டிக்கு அப்ளை பண்ணும்போது நம்மில் பலர் மாட்டிக்கிற இடம், "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்ற அந்தச் சின்னப் பெட்டிதான். குரங்கணியைச் சேர்ந்த என் நண்பன் ஒருத்தன் போன மாசம் அவனோட பயோவைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பினான். மலைச்சரிவில் இருக்கும் சின்ன விவசாயிகளிடம் ஏலக்காய் வாங்கி, தரம் பிரிச்சு, 100 கிராம் பாக்கெட்டா வாட்ஸ்அப்பில் விக்கிறான். ஆனா பயோ ஆரம்பிச்சதே "ஃபவுண்டர் அண்ட் சிஇஓ, மசாலா துறையை மாற்றத் துடிக்கும் இளைஞர்" என்றுதான். ஏலக்காய் என்ற வார்த்தை மூணாவது வரியில்தான் வந்தது.

இது தப்புன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இரண்டு பேர் இருக்கிற கம்பெனிக்கு சிஇஓன்னு யார் வேணும்னாலும் போட்டுக்கலாம். படிக்கிறவருக்கு அதில் சரிபார்க்க எதுவும் இல்லை.

கவின்கேர் சி.கே. ரங்கநாதன் கதையைப் பாருங்க. 1983இல் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 15,000 ரூபாய் முதலீட்டில் கடலூரில் சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு வயசு 25 ஆகலை. அடமானம் வைக்கச் சொத்து இல்லாததால் முதல் சில வருஷம் பேங்க் கடன் கிடைக்கலை. கடைசியில் 25,000 ரூபாய் கடன் கொடுத்த மேனேஜர், விண்ணப்பத்தில் எழுதின குறிப்பைப் பற்றி ரங்கநாதனே பின்னாடி ஒரு பேட்டியில் சொல்லியிருக்கார். இவரிடம் அடமானம் இல்லை. ஆனா மற்ற சிறு நிறுவனங்கள் மாதிரி இல்லாம இது வருமான வரி கட்டுது. குறிப்போட சாரம் அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா, இளம் தொழில்முனைவோருக்கு எழுதின நல்ல பயோ இதுதான். இல்லாததை மறைக்காம முதலிலேயே சொல்லுது. அடுத்து, வெளியாள் ஒருத்தர் காகிதத்தைப் புரட்டிச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விஷயத்தை வைக்குது. லாபம் இருந்தாத்தானே வரி? அந்த ஒரு தகவலே வியாபாரம் நடக்குதுன்னு சொல்லிடுது.

சரி, நண்பனிடம் அப்படி என்ன இருக்கு? முதலில் "200 சதவீத வளர்ச்சி"ன்னு போட்டிருந்தான். 2 ஆர்டர் 6 ஆனாலும் 200 சதவீதம்தான். அடுத்து மொத்த விற்பனைத் தொகை. ஏலக்காய் விலை அதிகம், அதனால அந்தத் தொகை பெருசாத் தெரியும். ஆனா பெரும்பகுதி விவசாயிக்குப் போகுது. இதுவரை வித்த மொத்த பாக்கெட்டைச் சொல்றதும் பெருசா உதவாது. மொத்தம்னா அது ஏறிக்கிட்டேதான் இருக்கும், போன மாசம் ஒண்ணுமே விக்கலைன்னாலும் குறையாது.

அதனால வாட்ஸ்அப் ஆர்டர்களை உட்கார்ந்து எண்ணினோம். சொந்தக்காரங்க, ஹாஸ்டல் பசங்களைக் கழிச்சோம். ஜனவரியில் முதல்முறையா வாங்கின 40 பேரில் 17 பேர், ஏப்ரலுக்குள்ள யாரும் கேட்காமலே மறுபடி வாங்கியிருந்தாங்க. தீபாவளி, பொங்கல் சமயத்தில் யாரும் ஒரு தடவை வாங்குவாங்க. பொருள் பிடிச்சவங்கதான் திரும்பி வருவாங்க. இதுதான் அவனோட உண்மையான கணக்கு, ஆனா பயோவிலேயே இல்லை! உணவுப் பொருள் விக்கிறதுக்கு வாங்கின எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் இருந்தது. அந்த 14 இலக்க எண்ணை யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம். அதையும் அவன் எழுதலை.

திருத்தின பயோ இது:

"குரங்கணிச் சரிவில் உள்ள 6 விவசாயிகளிடம் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, வீடுகளுக்கு நேரடியாக விற்கிறார். ஜனவரியில் முதன்முறை வாங்கிய 40 பேரில் 17 பேர் மூன்று மாதத்துக்குள் மீண்டும் வாங்கினர். எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு பெற்றவர். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர். இதற்கு முன் வேலை அனுபவம் இல்லை. மாதம் 20 கிலோவுக்கு மேல் தரம் பிரிக்க ஆள் இல்லாததே இப்போதைய தடை."

கடைசி இரண்டு வரியை எடுத்துடலாமான்னு கேட்டான். வேண்டாம்னேன். அனுபவம் இல்லைன்னு அவங்க கண்டுபிடிச்சா அது குறை, நாமே சொன்னா தகவல். தடையைச் சொன்னா, எந்த உதவி வேணும்னு கேட்கிற வேலையும் அங்கேயே முடிஞ்சிடுது.

17 சின்ன எண்ணா இருக்கேன்னு அவனுக்கு இன்னும் வருத்தம்தான். போடி ஏலத்தில் வியாபாரி மாதிரிக் காயின் நிறத்தையும் பருமனையும் பார்த்துத்தான் விலை சொல்றார், தோட்டக்காரர் விசிட்டிங் கார்டைக் கேட்கிறதில்லை. உங்க பயோவைத் திறந்து பாருங்க. அதில் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு காயாவது இருக்கா?