ஃபேன் ரெகுலேட்டர் மாத்தினா காசு மிச்சமா?

நான் சேலையூர்ல வாடகைக்கு இருந்தப்போ சுவர்ல பழைய பெட்டி ரெகுலேட்டர்தான் இருந்துச்சு. வேகத்தைக் குறைச்சா மிச்ச மின்சாரம் உள்ளே இருக்கிற ரெசிஸ்டன்ஸ் கம்பியில சூடாகி வீணாகும், தொட்டாலே தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல இந்த இழப்பு ரொம்பக் குறைவு.

கணக்கு பார்ப்போம். 2-ம் நம்பர்ல தினமும் 10 மணி நேரம் ஓட்டி 20 வாட் மிச்சமானா, 60 நாளைக்கு 12 யூனிட். ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினா 96 ரூபாய். 300 ரூபாய் ரெகுலேட்டர் ஆறேழு மாசத்துல காசை எடுத்துடும். ஆனா எப்பவும் 5-லயே ஓட்டுறவங்களுக்கு மிச்சம் எதுவும் இல்லை. மாத்தாதீங்க.

மாத்தினதும் என் ஃபேன் 'ம்ம்ம்'னு உறுமுச்சு. காரணம், நான் வாங்கினது படியில்லாம வழுக்கிட்டே திரும்புற டிம்மர் வகை. அது மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும். 'டக் டக்'னு படிப்படியா திரும்புற கபாசிட்டர் வகையை மாத்தினேன், சத்தம் போச்சு.

5-லயும் மெதுவா சுத்துதா? முதல்ல பழைய ரெகுலேட்டர் லைன்லயே விட்டுப்போயிருக்கானு பாருங்க. இல்லைன்னா ஃபேனோட கபாசிட்டர் தேய்ஞ்சிருக்கலாம். அதுல எழுதியிருக்கிற அதே அளவை (பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட்) எலக்ட்ரீஷியனை வெச்சு மாத்துங்க. அதுக்காகப் புது ஃபேன் வாங்கிடாதீங்க!