அயவாஸ்காவும் அன்றாட மாத்திரையும்

பெரு, பிரேசில் முதலிய நாடுகளின் அமேசான் காட்டுப் பகுதியில் பழங்குடி மக்கள் சடங்குகளில் அருந்திவரும் கஷாயத்திற்கு அயவாஸ்கா என்று பெயர். இன்று மன அமைதி தேடி அயல்நாட்டார் பலரும் அச்சடங்குகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொள்வோரும் உளர். "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்னும் எண்ணம் அவர்களுக்கு உயிராபத்தை விளைவிக்கக்கூடும் என்பதே எங்கள் கருத்து.

இக்கஷாயத்தில் பொதுவாக இரு தாவரங்கள் சேர்கின்றன. சக்ருனா என்னும் செடியின் இலையில், மனக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் டி.எம்.டி. என்ற வேதிப்பொருள் உள்ளது. அதனைத் தனியே விழுங்கினால் பெரும்பாலும் விளைவு இராது; குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோ அமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடும். மற்றொன்று, கஷாயத்துக்குப் பெயர் தந்த கொடி. அதிலுள்ள ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்நொதியைச் சில மணி நேரம் தடுத்து நிறுத்துகின்றன. அதனால் டி.எம்.டி. சிதையாமல் மூளையை அடைகிறது.

பலரும் அஞ்சுவது மனக்காட்சிகளை. நாங்கள் அதனினும் அஞ்சுவது அக்கொடியை. ஏனெனில் அந்த நொதிக்கு வேறு பணிகளும் உண்டு. நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் மிகாமல் காப்பதும் அதுவே. மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் பல, செரோட்டோனினின் செயலை மிகுவிப்பவை. ஒருபுறம் அது பெருக, மறுபுறம் அதனைச் சிதைக்கும் வழியும் அடைபட்டால், உடல் தாங்காத அளவுக்கு அது மிகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். நாள்தோறும் 20 மில்லிகிராம் ஃப்ளுஆக்ஸெட்டின் உட்கொள்ளும் ஒருவர், சடங்குக்கு ஒரு வாரம் முன்னர் தாமாகவே அதனை நிறுத்துகிறார். மருந்து உடலைவிட்டு நீங்கியதென நம்பிக் கஷாயம் அருந்துகிறார். உண்மையில் ஃப்ளுஆக்ஸெட்டினும், அது உடலில் மாறி உருவாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்குபவை. நொதியைத் தடுக்கும் மருந்தைத் தொடங்குமுன் மருத்துவர்கள் 5 வாரமேனும் இடைவெளி விடுவது இதனாலேயே. அன்றிரவு அவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படுகின்றன. கஷாயம் அருந்துவோர் பலருக்கும் வாந்தி வருவதால், உடல் தூய்மையாகிறது என்று உடனிருப்போர் வாளாவிருக்கின்றனர். பின்னர் வியர்வை பெருகுகிறது, கைகள் நடுங்குகின்றன, கால்கள் தாமாகத் துடித்து விறைக்கின்றன, காய்ச்சல் ஏறுகிறது, பேச்சு குழறுகிறது.

வாந்தியைக் கொண்டு வேறுபாடு அறிய இயலாது. கால் துடிப்பு, தசை விறைப்பு, ஏறும் காய்ச்சல் ஆகியவையே எச்சரிக்கை. இவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மனச்சோர்வு மாத்திரை மட்டுமன்று. டிராமடால் என்னும் வலிநிவாரணியும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் இக்கொடியுடன் சேர்ந்தால் இவ்வாறே தீங்கு செய்யக்கூடும்.

உணவிலும் எச்சரிக்கை தேவை. நாட்பட்ட பாலாடைக்கட்டி, நொதிக்கவைத்த சோயா, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றில் டைரமின் என்னும் பொருள் உண்டு. அதனையும் இந்நொதியே சிதைக்கிறது. நொதி முடங்கினால் டைரமின் இரத்தத்தில் கலந்து இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். 1963-இல் இலண்டனில் மருத்துவர் பேரி பிளாக்வெல், நொதியைத் தடுக்கும் மனச்சோர்வு மருந்துகளை உட்கொண்டோர் பாலாடைக்கட்டி உண்டபின் கடும் தலைவலிக்கு ஆளானதை ஆராய்ந்து எழுதினார். அப்பழைய மருந்துகள் நொதியை நிலையாக முடக்குபவை. கொடியின் பொருள்களோ தற்காலிகமாகத் தடுப்பவை. ஆகவே இங்கு உணவால் வரும் ஆபத்து குறைவு. ஆனால் இல்லையென்று சொல்ல இயலாது. மருந்துகளால் வரும் ஆபத்தே பெரிது.

"சில நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று எவர் கூறினும் ஏற்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். இடைவெளி மருந்துக்கு மருந்து வேறுபடும். திடீரென நிறுத்தினால் பழைய நோயே மீளக்கூடும். இந்தியாவில் டி.எம்.டி. சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதனால் அருந்தியதைச் சொல்லப் பலர் அஞ்சுவர். ஆயினும் என்ன அருந்தினார், எப்போது அருந்தினார், எந்த மாத்திரையைக் கடைசியாக எப்போது உட்கொண்டார் என்பவற்றை அறியாவிடில், மருத்துவர் தரும் வலிநிவாரணியே தீங்காகிவிடலாம். மருத்துவமனைகளும் "மருந்து உட்கொள்கிறீர்களா?" என்பதோடு நில்லாமல், கஷாயம், பொடி, விதை எதுவேனும் உட்கொண்டீர்களா என்று கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும்.