சொசைட்டியில் பால் திரிந்தால் புளித்துவிட்டது என்றுதான் அர்த்தமா? இரண்டு சோதனைகளும் சொல்வது என்ன?

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் வெறும் பக்க வருமானம் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பால்கோவா உங்கள் பாலை நம்பித்தான் நடக்கிறது. லேசாகப் புளித்த பால் பால்கோவா கடாயில் ஏறினால் சுண்டுவதற்கு முன்பே திரிந்துவிடும். அதனால் இந்தப் பகுதியில் பால் எடுப்பவர்கள் புளிப்பைக் கவனித்தே ஆக வேண்டும்.

2023 டிசம்பர் 18 முதல் ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததில், தரமான பசும்பாலுக்கு 38 ரூபாய், எருமைப்பாலுக்கு 47 ரூபாய் என்று கணக்கானது. ஆனால் வாசலிலேயே பால் திரும்பினால், கொழுப்பு, இதர சத்துக்கான எண்கள் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஒரு வேளைக்கு 6 லிட்டர் ஊற்றுபவருக்கு, ஒரு முறை திரும்பினால் 228 ரூபாய் நஷ்டம். எனவே திருப்பும் சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆல்கஹால் சோதனை

சோதனைக் குழாயில் பாலும், 68 சதவீத எடை வலுவுள்ள ஆல்கஹாலும் சம அளவு எடுப்பார்கள். பொதுவாக 2 மில்லி பாலுக்கு 2 மில்லி ஆல்கஹால். மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கிவிட்டு, குழாயின் உள்சுவரைப் பார்ப்பார்கள். வழவழவென்று ஓடினால் பால் சரி. ரவை போலத் துகள் ஒட்டினால் பால் தேறவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால், வரிசையில் நிற்கும் நேரத்தில் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

பாலின் புரதம் தன்னைச் சுற்றி நீரைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறது. ஆல்கஹால் அந்த நீரை இழுத்துவிடும். நல்ல பாலில் புரதம் அதைத் தாங்கும். புளிப்பு கூடிய பாலில் தாங்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கறந்த பசும்பாலின் அமிலத்தன்மை சுமார் 0.13 முதல் 0.16 சதவீதம் இருக்கும். அது 0.21-ஐத் தொடும்போதே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். நாக்குக்கும் மூக்குக்கும் அந்த அளவில் புளிப்பு தெளிவாகத் தெரியாது.

கொதிநீர் சோதனை

இதைச் சி.ஓ.பி. சோதனை என்பார்கள். 5 மில்லி பாலைக் குழாயில் எடுத்து, கொதிக்கும் நீருக்குள் 5 நிமிடம் நிறுத்த வேண்டும். வெளியே எடுத்துக் குலுக்காமல் சாய்த்துப் பார்த்தால், திரிந்த பாலில் கட்டியோ துகளோ தெரியும். இது முரட்டுச் சோதனை. அமிலத்தன்மை ஏறத்தாழ 0.24 சதவீதத்தைத் தாண்டினால்தான் பால் இதில் திரியும். இதில் திரிந்த பாலைச் சூடு காட்டவே முடியாது. அதைக் கேனில் ஊற்றினால் நாற்பது லிட்டரும் கெடும். ஆகவே இந்தச் சோதனையில் தோற்ற பாலை வாங்கச் சொல்லி யாரும் வாதாட முடியாது.

ஆல்கஹாலில் திரிந்து, கொதிநீரில் திரியாவிட்டால்?

பிரச்சினை இங்கேதான். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பால் புளிக்கத் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் கொதியில் திரியும் அளவுக்குப் போகவில்லை. இரண்டு, பால் புளிக்கவே இல்லை. வேறு காரணத்தால் புரதம் பலவீனமாக இருக்கிறது.

கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பால், சினை முற்றிக் கறவை வற்றும் காலத்துப் பால், மடிநோய் வந்த மாட்டின் பால் ஆகியவை புளிப்பில்லாமலே ஆல்கஹாலில் திரியும். சீம்பால் கொதிநீரிலும் கட்டிப்படும். இவை தவிர, பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மற்ற உப்புகளும் சமநிலை தவறினாலும் இப்படி ஆகும். தென் பிரேசிலில் இப்படிப்பட்ட பாலுக்குத் தனிப் பெயரே உண்டு: புளிக்காத, ஆனால் நிலையற்ற பால். தீவனம் பற்றாத மாடுகளில் இது கூடுதலாக வருவதை அங்கே கண்டிருக்கிறார்கள். கோடையில் பச்சைத் தீவனம் அறவே குறைந்து, வைக்கோலை மட்டும் நம்பும் வீட்டில் இது வரலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்களிடம் மூன்று மாடுகள் இருக்கின்றன. காலைப் பால் ஆல்கஹாலில் திரிகிறது. முதலில், கொதிநீர் சோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதில் திரியவில்லை என்றால், அடுத்த வேளை மூன்று மாட்டின் பாலையும் சுத்தமான தனித்தனி பாட்டிலில் எடுத்து, கறந்தவுடனே கொண்டுபோய் ஆல்கஹாலில் பார்க்கச் சொல்லுங்கள். கறந்த அரை மணிக்குள் புளிப்பு ஏற வாய்ப்பில்லை. ஒரே மாட்டின் பால் மட்டும் திரிந்தால், கோளாறு அந்த மாட்டில் இருக்கிறது. மூன்றும் நன்றாக இருந்து, கேன் பால் மட்டும் திரிந்தால், கோளாறு கேனிலோ தாமதத்திலோ இருக்கிறது.

மாடுதான் காரணம் என்றால், முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சித் திரிதிரியாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மடிநோய், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது இல்லாவிட்டால், ஈன்ற நாளையும் சினை மாதத்தையும் கணக்கிடுங்கள். அதுவும் இல்லாவிட்டால், தீவனத்தைச் சரிசெய்து, நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

கேன்தான் காரணம் என்றால், மூடியின் ரப்பரைக் கழற்றி மோந்து பாருங்கள். அதன் இடுக்கில் தங்கிய பழைய பால் புதுப் பாலுக்கு உறை போலவே வேலை செய்யும். கழுவிய கேனைக் கவிழ்த்துக் காய வையுங்கள். மாலைப் பாலோடு காலைப் பாலைக் கலக்காதீர்கள். நம் ஊர் வெயிலில், கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் பால் சேகரிப்பு இடத்துக்குப் போய்விட வேண்டும்.

சோதனையே தவறலாம்

ஆல்கஹாலின் வலு முக்கியம். திறந்து வைத்த பாட்டிலில் ஆல்கஹால் ஆவியாகி வலு குறையும். அப்போது புளித்த பாலும் தேறிவிடும். வலு அதிகமானால் நல்ல பாலும் திரியும். ஒரே நாளில் பலருடைய பால் திடீரெனத் திரிந்தால், மாடுகள் எல்லாம் ஒன்றாகக் கெட்டன என்று நினைக்க வேண்டாம். புது பாட்டிலில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அது நியாயமான கேள்விதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: புளிப்பை மறைக்க ஆப்ப சோடா போடுவது. அது இந்த இரண்டு சோதனைகளையும் ஏமாற்றக்கூடும். ஆனால் ரோசாலிக் அமிலத்தின் இரண்டு துளி பட்டால் பால் ரோஜா நிறமாகிக் காட்டிக்கொடுக்கும். அதன் பிறகு நீங்கள் ஊற்றும் நல்ல பாலையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

வீட்டிலேயே பார்க்க விரும்பினால், ஒரு சிறு சோதனைக் குழாயும் கொதிக்கும் நீரும் போதும். தாமதமான வேளைகளில் பாலை எடுத்துச் செல்லும் முன் 5 நிமிடம் செலவழியுங்கள். அதில் திரிந்தால், சொசைட்டி வரை சுமக்க வேண்டாம்.